கன்டம் வரிசையில் முதலில் எதைப் பார்ப்பது?

"அண்ணா, நான் மார்த்தாண்டம். மொபைல் சூட் கன்டம்ங்கிற ஜப்பான் அனிமே பார்க்கணும்னு ஆசை. ஆனா 1979ல இருந்து சீரியல், படம், நாவல், மாங்கான்னு மலை மாதிரி கிடக்கு, ஒரு கதை இன்னொண்ணோட ஒட்டவும் இல்ல. எதுல தொடங்க?"

தம்பி, 1981, 82ல வந்த மூன்று படங்களில் தொடங்கு. 1979இல் ஓடிய 43 பாகத் தொடரையே சுருக்கி எடுத்த படங்கள்தான் அவை, மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம். Mobile Suit Gundam என்று தேடும்போது பக்கத்தில் I, II, III என்று போட்டிருக்கும். சுருக்கம் என்பதால் குறைவாக நினைத்துவிடாதே. விளையாட்டுப் பொம்மைக்கு ஏற்றாற்போல் தொடரில் புகுத்திய ஜி-ஆர்மர் என்ற போர் வாகனத்தைப் படத்தில் தூக்கிவிட்டார்கள், மூன்றாவது படத்துக்கு நிறையக் காட்சிகளைப் புதிதாகவே வரைந்தார்கள்.

முதல் படத்தில் கதாநாயகன் ஆமுரோ தன் அம்மாவைச் சந்திக்கும் இடத்தைக் கவனித்துப் பார். எதிரிப் படையினர் தேடி வருகிறார்கள், இவன் நோயாளி மாதிரி போர்வைக்குள் படுத்திருக்கிறான், போர்வைக்குள் இருந்தபடியே சுட்டுவிடுகிறான். பிழைத்தோம் என்ற நிம்மதி அந்த அம்மாவுக்கு வரவில்லை, தன் பிள்ளையா இப்படி ஒருவனைச் சுட்டான் என்று அதிர்ந்து நிற்கிறாள். கடைசியில் அவன் அம்மாவுக்கு ராணுவ சல்யூட் அடித்துவிட்டுக் கப்பலுக்குப் போகிறான். அந்தக் காட்சி உன்னைப் பிடித்துக்கொண்டால் மிச்சமும் பிடிக்கும்.

கதைக்குள் வருகிற ஆண்டு வரிசைப்படி பார்க்கலாமே என்று நினைப்பாய், வேண்டாம். அப்படிப் போனால் 2015இல் வரத் தொடங்கிய 'தி ஆரிஜின்' முதலில் வரும். அது சார் என்கிற முகமூடிக்காரனின் சின்ன வயசுக் கதை. அவன் யார், யார்மேல் அவனுக்குப் பகை என்பதைப் பழைய படங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கும், ஆரிஜின் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடும். படம் பளிச்சென்று இருக்கிறதே என்று 2010இல் தொடங்கிய யுனிகார்னுக்குப் போனாலும் சிக்கல்தான். தக்கலையில் இருக்கிற என் அக்கா மகன் அதில்தான் தொடங்கினான். ஃபுல் ஃபிரண்டல் வந்து நின்றதும், "மாமா, இந்த முகமூடிக்காரன் ஆருக்க ஆளு? இவனைக் கண்டா எதுக்கு எல்லாரும் இப்படி பயப்படுதாவ?" என்று கேட்டான். சாரைத் தெரியாமல் அந்தப் பயம் புரியாது, அதைப் புரியவைக்க நான் இருபது வருடக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று படமும் முடிந்ததும் அடுத்தது 1985இல் வந்த ஸீட்டா. இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுவது. முதல் கதைக்குப் படம் போதும் என்றதால் ஸீட்டாவுக்கும் 2005, 2006இல் வந்த மூன்று படங்களை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களில் முடிவையே மாற்றிவிட்டார்கள். அடுத்து வரும் டபுள் ஸீட்டாவோ தொடரின் முடிவிலிருந்துதான் கிளம்புகிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதைத் திறந்தால் ஸீட்டாவின் நாயகன் கமீல் ஏன் இந்த நிலையில் இருக்கிறான் என்று முழிப்பாய். அதனால் ஸீட்டாவை மட்டும் 50 பாகத் தொடராகவே பார். அப்புறம் டபுள் ஸீட்டா, 1988இல் வந்த 'சார்ஸ் கவுண்டர்அட்டாக்' படம், அதற்குப் பிறகு யுனிகார்ன்.

நாவல்களை இப்போதைக்குத் தொடாதே. கதையை உருவாக்கிய டோமினோவே 1979இல் எழுதத் தொடங்கிய நாவலில் ஆமுரோ இறந்துபோகிறான், திரையில் அவன் உயிரோடு இருந்து அடுத்த கதைகளுக்கும் வருகிறான். கவுண்டர்அட்டாக்குக்கும் இப்படித்தான், குவெஸ் என்ற பெண் யார் கையால் சாகிறாள் என்பது படத்தில் ஒன்று, நாவலில் வேறு. பிறகு வந்த ஹாத்வே நாவல் படத்தை விட்டுவிட்டு அந்த நாவலைப் பின்தொடர்கிறது. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், திரையில் தொடங்கியவன் திரையிலேயே போனால் குழப்பம் பாதி தீரும்.

ஒரு தலைப்பு இந்தக் கதையைச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் அதில் என்ன சகாப்தம் சொல்கிறார்கள் என்று பார். யுனிவர்சல் செஞ்சுரி, சுருக்கமாக UC என்று இருந்தால் பெரும்பாலும் நான் சொன்ன வரிசையோடு சேர்ந்தது. விங் என்ற கன்டம் தொடரில் ஆஃப்டர் காலனி, சீட் என்ற தொடரில் காஸ்மிக் எரா, 2022இல் வந்த 'தி விட்ச் ஃபிரம் மெர்குரி'யில் அட் ஸ்டெல்லா. அவையெல்லாம் தனித்தனி உலகம், முன்கதை எதுவும் வேண்டாம். பழைய வரைகலை கண்ணுக்கு ஒத்துவரவே இல்லை என்றால் மெர்குரியில் தொடங்கினாலும் தப்பில்லை, ஆனால் அதிலிருந்து மேலே சொன்ன கதைக்குப் பாலம் கிடையாது, திரும்பவும் முதல் படத்துக்குத்தான் வரணும்.

ஏழு மணி நேரம் ஒதுக்குவதற்கு முன்னால் கொஞ்சம் ருசி பார்க்கணுமா? 1989இல் வந்த 'வார் இன் தி பாக்கெட்', ஆறே பாகம். முதல் மூன்று படங்களில் வரும் அதே போர்தான், ஆனால் ஆல் என்கிற சின்னப் பையனின் கண்ணில் பார்ப்பது. ஆமுரோவையும் சாரையும் தெரியாமலே முழுசாகப் புரியும். ஆறாவது பாகத்தைப் பாதியில் நிறுத்தாமல் பார், பார்த்துவிட்டு இங்கேயே எழுது.