அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த பொருளுக்கு வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். என்னால் தர முடியாது. அவர் மனம் நோகாமல் எப்படி எழுதுவது?

உங்களுடையதும் சின்னக் கடைதான் என்று நினைத்து எழுதுகிறேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், சேலை விற்று ரவிக்கையும் தைத்துக் கொடுக்கிறேன்.

போன வருடம் ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் படம் பார்த்து 2,400 ராண்டுக்குப் பட்டுச்சேலை எடுத்தார். தையல்கூலி 450. சேலையோடு வந்த ரவிக்கைத் துணியையே வெட்டி, அவர் அளவுக்குத் தைத்து அனுப்பினேன். நான்காம் நாள் செய்தி வந்தது: மகள் கல்யாணம் நின்றுவிட்டது, முழுப் பணமும் வேண்டும்.

முகத்தில் அடித்த மாதிரி மறுக்க மனசு வரவில்லை. "மன்னிக்கணும் அக்கா, எங்கள் விதிப்படி கஷ்டம், பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதினேன். அதுதான் தப்பு. பணம் வரும் என்று நம்பி அவர் ஒன்பது நாள் காத்திருந்தார். அப்புறம் கோபமாகப் பேசினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து இப்படி எழுதினேன்:

"அக்கா, பணத்தைத் திருப்பித் தர என்னால் முடியாது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டதால் சேலையைப் புதுச்சேலை விலைக்கு விற்க முடியாது. சேலைக்கு ஃபால் அடிக்கவில்லை என்றால் அனுப்புங்கள், ரவிக்கைத் துணி இல்லை என்று சொல்லியே விற்றுத் தருகிறேன். 1,800 வரை போகலாம். கமிஷன் வேண்டாம், கூரியர் செலவும் என்னுடையது. சேலையை வைத்துக்கொள்வதானால், ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் உள்தையல் விட்டிருக்கிறேன். வீட்டில் வேறு யார் போட்டாலும் காசில்லாமல் பிரித்துத் தைத்துத் தருகிறேன். எது வசதியோ, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

முதல் வரியிலேயே மறுப்பு இருக்கிறது. காரணம் 'விதி' இல்லை, வெட்டிய துணி. அவர் சேலையை அனுப்பினார். ஆறு வாரத்தில் 1,750-க்குப் போனது, அன்றைக்கே பணத்தை அவருக்குப் போட்டுவிட்டேன்.

இரக்கமில்லாதவள் என்று யாராவது சொல்லலாம். சட்டம் பார்த்துத்தான் மறுத்தேன். இங்கே ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அவருக்காகவே அளவெடுத்துச் செய்ததற்கு அது பொருந்தாது. வெட்டாத சேலையாக மட்டும் இருந்திருந்தால் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் குறையோடு வந்தால், சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர்தான். உங்கள் பொருள் இதில் எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

எனக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடம் இந்த மரியாதைகூடக் கிடையாது. முந்தானையில் எண்ணெய்க்கறையோடு வந்த இரண்டு சேலைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று மாதம் ஆகிறது. முடியாது என்றாவது ஒரு வரி எழுதலாமே!