புதன் காலை இட்லி உண்டு

வணக்கம் சார்,

எட்டு வருடமாக ஃபேஸ்புக்கில் இருக்கிறேன். எங்கள் ஊர் வாசிப்புக் கூட்டத்தைப் பற்றி நான்தான் அதில் எழுதி வருகிறேன். சில மாதங்களாக நடப்பதைப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. ஜனவரி வரை ஒதுங்கியிருக்கலாம் என்று இதை எழுதினேன்:

“நண்பர்களே..... கனத்த இதயத்தோடு எழுதுகிறேன். எட்டு வருடப் பயணம். சிலருடைய முகமூடிகள் கழன்று விழுந்ததைப் பார்த்துவிட்டேன். யாரையும் குறை சொல்லவில்லை. இனி இங்கே இருக்க மனமில்லை. விடைபெறுகிறேன். என்னைத் தேட வேண்டாம். புரிந்தவர்களுக்கு நன்றி, புரியாதவர்களுக்கும் நன்றி.....”

தங்கை படித்துவிட்டு “சீரியல் மாதிரி இருக்கு” என்றாள். அதனால் மாற்றினேன்: “தனிப்பட்ட காரணங்களுக்காகத் தற்காலிகமாகச் சமூக ஊடகங்களிலிருந்து விலகியிருக்க முடிவெடுத்துள்ளேன்.” இது மரக்கட்டை மாதிரி இருக்கிறது. நிதானமாகவும் இருக்க வேண்டும், என் குரலாகவும் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது? அறிவிப்பே தேவையில்லையா? பின்னூட்டத்தை மூடிவிடலாமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

அறிவிக்கத்தான் வேண்டும், ஏனென்று பிறகு சொல்கிறேன். பின்னூட்டத்தை மூடாதீர்கள். மூடினால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துப் பேசுவார்கள்.

முதல் வரைவை மூன்று முறை படித்தேன். கனத்த இதயம், பயணம், ஐந்தைந்து புள்ளிகள் இதெல்லாம் பெரிய குற்றமில்லை, எடுத்தால் போய்விடும். ஆனால் அதையெல்லாம் எடுத்தாலும் அந்தப் பதிவு கத்திக்கொண்டுதான் இருக்கும். கத்துவது “சிலர்” என்ற ஒரே சொல். உங்களை நோகடித்தது ஒருவரோ இருவரோ. அவர்களுக்கு எழுத வேண்டியதை நட்புப் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரிடமும் கொடுத்து, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள் என்கிறீர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று பல முறை பார்த்திருக்கிறேன். முதல் பின்னூட்டம் “என்னாச்சு?” இரண்டாவது “யாருன்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க.” மூன்றாவதாக, போன மாதம் உங்களோடு ஒரு கவிதையைப் பற்றி லேசாக வாதாடிய ஏதோ அப்பாவி, “என்னையா சொல்றீங்க?” என்று கேட்பார். அவர் அன்றிரவு தூங்க மாட்டார். உண்மையில் நோகடித்தவர் இருக்கிறாரே, அவர் அதற்கு இதயக்குறி போட்டுவிட்டு, “ஆமாங்க, இப்பல்லாம் யாரையும் நம்ப முடியல” என்று எழுதிவிட்டுப் போவார். சிலர் என்றால் அவருக்கு வேறு சிலர்.

அதற்கடுத்த வரி இன்னும் மோசம். “யாரையும் குறை சொல்லவில்லை.” முகமூடி கழன்றது என்று சொல்லி முடித்த கையோடு இதை எழுதினால் யார் நம்புவார்? முழு வரைவிலும் சத்தம் அதிகமான வாக்கியம் இதுதான். “புரியாதவர்களுக்கும் நன்றி” என்பதும் அந்த ரகம். நன்றி என்று எழுதிக் கன்னத்தில் அறைவது. கோபம் இருந்தால் இருக்கட்டும் அம்மா, கோபம் தப்பில்லை. அந்த ஆளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்புங்கள், அல்லது அனுப்பாதீர்கள். அறிவிப்புக்குள் அதை ஒளித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். “விடைபெறுகிறேன்”, “தேட வேண்டாம்” இரண்டையும் ஒரே பதிவில் எழுதக் கூடாது. நம் வீடுகளில் கடைக்குப் போகிறவர்கூடப் “போறேன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வரேன்” என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட பாஷையில் “தேட வேண்டாம்” என்று எழுதினால் படிக்கிறவருக்கு வயிறு கலங்காதா? 2016-ல் நானும் இதைச் செய்தேன். இரவு பதினொன்றே முக்காலுக்கு “போதும். எல்லோருக்கும் நன்றி. விடைபெறுகிறேன்” என்று போட்டுவிட்டு போனை அணைத்துப் படுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்குக் கதவை யாரோ உடைப்பது மாதிரி சத்தம். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு திறந்தால் இரண்டு நண்பர்கள். முப்பது கிலோமீட்டர் பைக்கில் வந்திருக்கிறார்கள். ஒருவன் சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தான், அது அவனுக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்தான், தண்ணீர் கேட்டான், குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். நாலு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, இரண்டாவது வரைவு. அதில் இருப்பது நிதானம் இல்லை, ராஜினாமா செய்கிற மந்திரியின் அறிக்கை. “தனிப்பட்ட காரணங்களுக்காக” என்றால் ஏதோ காரணம் இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்றுதான் பொருள். கதவைச் சாத்திவிட்டு உள்ளிருந்து தட்டுகிற மாதிரி. இதைப் பற்றி எனக்கு ஒரு பழைய பாடம் உண்டு.

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவரும் அவர் மைத்துனரும் கூட்டு. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் இருவருக்கும் கணக்கில் தகராறு வந்து, ஒரே இரவில் பிரிந்தார்கள். அண்டா, இட்லிக் கொப்பரை, கரண்டி வரை எண்ணிப் பிரித்தார்கள். கிரைண்டர் மைத்துனர் பங்குக்குப் போய்விட்டது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மறுநாள் வியாழன், கடை சாத்தியிருந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், வாசல் பலகையில் எழுதச் சொன்னார். நான் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் பார்த்த பெருமையில், “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று ஆரம்பித்தேன். பெரியப்பா தோள் துண்டால் அதை ஒரே இழுப்பில் துடைத்தார். “காரணத்த எவன்டா கேட்டான்? பசியோட வர்றவனுக்கு என்னைக்கு வரணும்னு எழுது” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“செவ்வாய் வரை கடை இல்லை. புதன் காலை இட்லி உண்டு.”

அவ்வளவுதான். என்ன நடந்தது என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பலகையில் மட்டும் அது இல்லை. சண்டையைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்த இரண்டு பேர் பலகையைப் படித்துவிட்டு, “புதன் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன். கிரைண்டர் இல்லாததால் செவ்வாய் மதியம் பெரியம்மா வீட்டு ஆட்டுக்கல்லில் மொத்த மாவையும் அரைத்தார். புதன்கிழமை அவர் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. இட்லி இருந்தது.

உங்கள் இரண்டு வரைவுகளிலும் அந்தப் புதன்கிழமை இல்லை, கவனித்தீர்களா? வாசிப்புக் கூட்டத்தைப் பற்றி நீங்கள்தான் எழுதி வருவதாகச் சொல்கிறீர்கள், அப்படியென்றால் அங்கே வருகிறவர்கள் உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அடுத்த கூட்டம் உண்டா, எங்கே, என்ன புத்தகம்? முகமூடிக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினீர்கள், அந்த மனிதர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அறிவிப்பு வேண்டும் என்று சொன்னது அவர்களுக்காக. கூட்டம் எப்போது, எங்கே என்கிற விவரம் எனக்குத் தெரியாது, இரண்டாம் ஞாயிறு என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன்:

“நவம்பர் 10 முதல் ஜனவரி 20 வரை ஃபேஸ்புக் பக்கம் வர மாட்டேன். வாசிப்புக் கூட்டம் எப்போதும்போல இரண்டாம் ஞாயிறு மாலை நடக்கும், இடமும் புத்தகமும் வாட்ஸாப் குழுவில் வரும். மெசஞ்சரும் பார்க்க மாட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜனவரிக் கூட்டத்தின் படங்களோடு வருகிறேன்.”

முதலில் கடைசியில் “நலமாக இருக்கிறேன்” என்று சேர்த்தேன், பிறகு அடித்துவிட்டேன். கேட்காதபோது சொன்னால் சந்தேகம்தான் வரும். படங்களோடு வருகிறேன் என்பவள் நலமாகத்தான் இருப்பாள். “முடிவெடுத்துள்ளேன்”, “விலகுகிறேன்” இரண்டையும் விட்டதையும் பாருங்கள். “வர மாட்டேன்” என்பது தினசரிப் பேச்சு. வேலைப்பளு, உடல்நிலை என்று பொய்க் காரணமும் வேண்டாம். உடல்நிலை என்று எழுதினால் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் நினைப்பதைவிடப் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். முன்னால் வந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

அப்புறம், நிறையப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று. பதிவைப் போட்ட கையோடு கணக்கை முடக்கிவிடாதீர்கள். முடக்கினால் உங்கள் பக்கத்தோடு அந்த அறிவிப்பும் மறைந்துவிடும். மறுநாள் தேடுகிறவருக்கு நீங்களே இருக்க மாட்டீர்கள், தன்னை பிளாக் செய்துவிட்டதாக நினைப்பார். நிதானமாக எழுதியதெல்லாம் வீண், பழைய நாடகம் தானாகத் தொடங்கிவிடும். முடக்காமல் செயலியை மட்டும் போனிலிருந்து எடுங்கள், அறிவிப்பைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள். முடக்கியே தீர வேண்டும் என்றால் நாலைந்து நாள் பதிவை விட்டு வையுங்கள். முடக்கிய பிறகு வேறு ஏதாவது செயலியில் ஃபேஸ்புக் கணக்கை வைத்து உள்ளே போனாலும் கணக்கு உயிர்பெற்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெசஞ்சர் தனி, கணக்கை முடக்கினாலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதல் வரைவைப் போட்டுவிட்டுப் பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். திருத்தினாலும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் கிடக்கும். பதிவைப் பார்க்க முடிகிறவர் அதையும் பார்க்கலாம். முகமூடி வாக்கியத்தை எடுத்தீர்கள் என்பது முகமூடி வாக்கியத்தைவிடப் பெரிய செய்தியாகிவிடும்.

இரவில் போட வேண்டாம். காலை டிபன் முடிந்து பத்து மணிக்குப் போடுங்கள். எட்டு வருடம் ஒரு கூட்டத்துக்காக எழுதியவருக்கு இரண்டு மாதம் லீவு உரிமைதான், யாரிடமும் கைகட்டிக் கேட்க வேண்டியதில்லை.

ஜனவரிக் கூட்டத்துக்கு என்ன புத்தகம் என்று எழுதவே இல்லையே. மின்னஞ்சலில் சொல்லுங்கள், அந்த வாரம் கோயம்புத்தூரில் இருப்பேன்.