ஒவ்வொரு மிதிக்கும் ‘க்ரீச்’: பி.பி.யா, பெடலா, சீட் போஸ்டா?

கேள்வி: சைக்கிளை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் க்ரீச்சென்று சத்தம் வருகிறது. செயினுக்கு எண்ணெய் விட்டும் போகவில்லை. இரண்டு பெடலுக்கும் நடுவில் சுழலும் அச்சும் பேரிங்கும் சேர்ந்த பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பி.பி.யை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

காதை நம்பாதீர்கள். ஃப்ரேம் உள்ளே வெற்றுக் குழாய். சீட் போஸ்டில் எழும் சத்தம் அதன் வழியே இறங்கி, பெடலுக்குக் கீழிருந்து வருவதுபோலவே கேட்கும். பி.பி. மேல் பழி விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சத்தம் வரும்போது சீட்டிலிருந்து எழுந்து நின்று, அதே அழுத்தத்தில் மிதியுங்கள். நின்றதும் சத்தம் நின்றுவிட்டால் சீட் போஸ்ட் அல்லது சீட் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்ப். நின்றாலும் தொடர்ந்தால் பெடல், அதைத் தாங்கும் கிராங்க், பி.பி. பக்கம் பாருங்கள். நிற்கும்போது மட்டும் புதிதாகச் சத்தம் வந்தால் ஹேண்டில்பாரையும் சந்தேகிக்கலாம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இழுத்துத் தள்ளினால் தெரிந்துவிடும்.

சீட் போஸ்ட் என்றால் வேலை எளிது. உயரம் மாறாமலிருக்க டேப் ஒட்டி அடையாளம் வைத்து, போஸ்டை முழுதாக வெளியே எடுங்கள். போஸ்டையும் குழாயின் உட்புறத்தையும் துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். கார்பன் போஸ்ட் அல்லது கார்பன் ஃப்ரேம் என்றால் கிரீஸ் கூடாது, வழுக்கி இறங்கும். அதற்கென உள்ள கார்பன் பேஸ்ட்தான் வேண்டும். சீட் கிளாம்பையும் கழற்றித் துடைத்து இறுக்குங்கள். போஸ்டை மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுவதால்தான் பல சமயம் சத்தம் திரும்பி வருகிறது.

பெடலைப் பிரித்தறிய, ஆளில்லாத சமதளத்தில் ஒரு காலால் மட்டும் மிதித்துப் பாருங்கள். இடது காலுக்கு மட்டும் சத்தம் வந்தால் இடது பெடலோ இடது கிராங்கோ. எந்தக் காலால் மிதித்தாலும் வந்தால் பி.பி. மேல் சந்தேகம் கூடும். இதைவிட உறுதியான வழி, வேறு சைக்கிளின் பெடல்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. பெரும்பாலான பெடல்களுக்கு 15 மி.மீ. ஸ்பானர் போதும். ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இடது பெடலின் மறை எதிர்த்திசை என்பதை நினைவில் வைக்கும் தொல்லை இதில் இல்லை. மறைகளைத் துடைத்துக் கிரீஸ் வைத்து, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் கிராங்கின் மறை போய்விடும். கடைசியில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும்.

ஒரு உதாரணம். நின்று மிதித்தாலும் சத்தம், இரண்டு காலுக்கும் சத்தம், பெடலை மாற்றியும் அதே சத்தம். இப்போதும் பி.பி.க்குப் போக வேண்டாம்; முதலில் கிராங்க் போல்ட். அது தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். சதுர ஆக்ஸிலில் தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் அலுமினியத்தின் சதுரத் துளை தேய்ந்து உருண்டுவிடும், அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அடுத்து செயின்ரிங் போல்ட்டுகள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிராங்கை இருபுறமும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்தே ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது அதை ஃப்ரேமில் பிடித்திருக்கும் கப் தளர்ந்திருக்கலாம். ஆட்டம் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் பேரிங் நன்றாக இருந்து, கப்புக்கும் ஃப்ரேமுக்கும் இடையே உலர்ந்துபோன மறைதான் உராய்ந்து கத்துகிறது என்று கொள்ளலாம்.

அப்போது பி.பி.யைக் கழற்றி, மறைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தாராளமாகக் கிரீஸ் வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்கினாலே போதும். பெரும்பாலான சைக்கிள்களில் உள்ள ஆங்கில மறையில் வலப்பக்கக் கப் எதிர்த்திசை: கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும். இடப்பக்கக் கப் வழக்கமான திசை. இத்தாலிய மறையில் இரண்டுமே வழக்கமான திசைதான். மறையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பி.பி. என்றால் சரியான கருவி இல்லாமல் தொடாதீர்கள். தட்டிக் கழற்றினால் பேரிங்கும் ஃப்ரேமும் கெடும்.

பி.பி. பக்கத்தில் ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பதை மட்டும் தவிருங்கள். சில நாளுக்கு ஓய்ந்தாலும், பேரிங்கின் கிரீஸைக் கரைக்கும், எந்த இடம் கத்தியது என்பதையும் மறைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் தொட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.