நாள் வாடகைக்கு டில்லர் கொடுத்தால் முதல் திரும்புமா?

கேள்வி: கோப்பாயில் எனக்கு 12 பரப்பு செம்மண் தோட்டம். கனடாவில் இருக்கிற அண்ணா கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார். 210,000 ரூபாவுக்கு 7 குதிரைவலு பெற்றோல் டில்லர் ஒன்றும், தலா 18,000 ரூபாவுக்கு பற்றரி மருந்து மெசின் இரண்டும் வாங்கி அயலில் வாடகைக்குக் கொடுக்க யோசிக்கிறேன். ஒன்பது தோட்டக்காரர், எல்லாருக்கும் சேர்த்து 70 பரப்பு. டில்லருக்கு நாளுக்கு 3,000 வாங்கினால், மாதம் 20 நாள் ஓடினால், நாலு மாதத்தில் முதல் வந்துவிடும்தானே ஐயா?

பதில்: வராது, தம்பி. மருந்து மெசினை வாங்குங்கள். டில்லரை வாங்கலாம், ஆனால் நாள் வாடகைக்குக் கொடுக்க வேண்டாம்.

இந்த அளவு டில்லர் செம்மண்ணில் இரண்டு முறை ஓடி மண்ணைப் பதப்படுத்த, மணித்தியாலத்துக்கு இரண்டு பரப்பு என்று வையுங்கள். 70 பரப்புக்கு 35 மணித்தியாலம். வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று வருடத்தில் மூன்று முறை நிலம் பண்படுத்தினால் 105. வரிசைக்கு இடையில் களை கொத்த இன்னும் ஒரு 35. ஆக 140 மணித்தியாலம். நாளுக்கு நாலரை, ஐந்து மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 30 நாள். மாதத்துக்கு இல்லை, முழு வருடத்துக்கும் 30 நாள். அதுவும் ஒன்பது பேரும் உங்களிடமே வந்தால்தான். மாரி மழையில் செம்மண் கத்தியில் அப்பிக்கொள்ளும், மெசின் ஓடாது. மழை விட்டு நிலம் ஈரம் தாழ்ந்ததும் எல்லாரும் ஒரே கிழமையில் கேட்டு வருவார்கள். உங்கள் வருமானம் முழுவதும் அந்தச் சில கிழமைகளில்தான் இருக்கிறது.

இனிச் செலவு. ஐந்து வருடம் ஓடி, கடைசியில் 50,000 ரூபாவுக்கு விற்கலாம் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 32,000. அதே காசு வங்கியில் 8 வீதத்துக்குக் கிடந்திருந்தால் 16,800 வந்திருக்கும். இந்த 48,800 ரூபா மெசின் கொட்டிலில் சும்மா நின்றாலும் போகும் காசு. ஓடினால் கத்தி, பெல்ட், வயர், ஒயில், பிளக், வடிகட்டி என்று 24,000 ரூபாவும், பெரிய திருத்தத்துக்கு மணித்தியாலத்துக்கு 100 ரூபாவாக 14,000 ரூபாவும் ஒதுக்குங்கள். மொத்தம் 86,800. (திருத்தச் செலவு என்னுடைய மதிப்பு. வாங்கப் போகும் கடையில் கத்தி ஒரு செட் என்ன விலை என்று கேட்டு இதை மாற்றிக்கொள்ளுங்கள்.)

30 நாள், நாளுக்கு 3,000 என்றால் 90,000. மிச்சம் 3,200 ரூபா. ஆனால் அதுகூடக் கையில் நிற்காது. நாள் வாடகைக்கு எடுத்தவர் விடியப்புறம் ஆறு மணிக்கு ஓட்டத் தொடங்கி, பொழுதுபடும் வரை விடமாட்டார். தன் நிலம் முடிந்ததும் மச்சானின் நிலத்தையும் உழுது கொடுப்பார். அதில் பிழை சொல்ல முடியாது, நாள் முழுவதுக்கும்தானே காசு கொடுத்திருக்கிறார். நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் அதே 140 மணித்தியாலம் பதினேழரை நாளில் முடிந்துவிடும். வருமானம் 52,500 ரூபா. தேய்வு மட்டும் அப்படியே. 34,300 ரூபா நட்டம்.

ஆகவே நீங்களே கொண்டுபோய் ஓட்டுங்கள், மணித்தியாலத்துக்கு வாங்குங்கள். பெற்றோலும் உங்களுடையது என்றால் 1,600 ரூபா கேட்கலாம், உழவுக்குப் பரப்புக்கு 800 ஆகும். லாண்ட்மாஸ்டர்காரர் என்ன வாங்குகிறார் என்று முதலில் விசாரியுங்கள், அதற்கு மேலே போனால் ஆள் வராது. 140 மணித்தியாலத்துக்கு 224,000 ரூபா. பெற்றோலுக்கு மணித்தியாலத்துக்கு 350 போனால் 49,000. அதையும் 86,800 ரூபாவையும் கழித்தால் 88,200 மிஞ்சும். நாளுக்கு 2,900 ரூபா சொச்சம். இது உங்கள் உடம்பு உழைப்புக்குக் கிடைக்கும் கூலி என்றே எண்ணுங்கள். அண்ணாவின் காசுக்கான வட்டி மேலே ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. சொந்த 12 பரப்பையும் நினைத்த நேரம் உழுதுகொள்ளலாம்.

நீங்களே ஓட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம் செம்புழுதி. வாடகைக்கு எடுத்தவர் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்கமாட்டார். காற்று வடிகட்டியைக் கழற்றி, எஞ்சின் பக்கமாக இருக்கும் குழாயின் உட்புறத்தை விரலால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் புழுதி உள்ளே போயிருக்கிறது, பிஸ்டன் வளையத்தை அது அரத்தைப் போல அராவிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் நீலப் புகை வரும், ஒயில் குறையும். உழவு நாட்களில் தினமும் பின்னேரம் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். ஒயிலைப் புது மெசினில் முதல் 20 மணித்தியாலத்தில் மாற்றுங்கள், பிறகு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல் மேலெழுந்து கிடக்கும் இடங்களை நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், கத்தி வளைவது அங்கேதான். பெல்ட் ஒன்று, பிளக் ஒன்று, கத்தி ஆணி நாலைந்து வீட்டில் இருக்கட்டும். அந்தக் கிழமையில் மூன்று நாள் கராஜில் நின்றால் வருட வருமானத்தில் பத்திலொன்று போய்விடும்.

ஓடாத மாதங்களில் பழுதாவது பெரும்பாலும் காபரேட்டர். பெற்றோலை டாங்கில் விட்டுவிட்டால் அது பிசினாகி ஜெட்டை அடைக்கும். சோக் போட்டால் எஞ்சின் பிடிக்கும், சோக்கை எடுத்ததும் நின்றுவிடும், அதுதான் அடையாளம். மாரிக்கு முன் டாங்கைக் காலியாக்கி, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி, பிளக்கை மாட்டி, கயிற்றை மெல்ல இழுத்து இறுக்கம் தெரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். வால்வு மூடி இருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. மருந்து மெசின் பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணுங்கள், வெறுமையாகக் கிடந்தால் அடுத்த போகத்துக்கு அது இருக்காது.

மருந்து மெசின் வாடகைக்கு நன்றாக ஒத்துவரும். ஒரு மெசின் வருடத்தில் 40 தடவை, தடவைக்கு 400 ரூபாவுக்குப் போனால் 16,000. மூன்று வருட ஆயுளில் தேய்மானம் 6,000, பற்றரிக்கு 3,000, நொசில், வாசருக்கு 2,000. ஒவ்வொன்றிலும் 5,000 மிஞ்சும். சிறிய தொகைதான், முடங்கும் காசும் சிறிது.

ஆனால் இதை மட்டும் இறுக்கமாகப் பிடியுங்கள்: களைநாசினிக்கு இந்த இரண்டையும் கொடுக்கவே கூடாது. எங்கள் அயலில் ஒருவர் வயலுக்கு எம்.சி.பி.ஏ. அடித்த டாங்கை ஒருமுறை அலசித் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் அதில் பூச்சி மருந்து கலந்து புகையிலைக்கு அடித்தார். சில நாளில் குருத்திலை சுருண்டு ஒடுங்கி, காம்பு முறுகிப் போனது. புகையிலையும் மிளகாயும் தக்காளியும் அந்த மருந்தின் மிச்சத்தைக்கூடத் தாங்காது. அந்த நிலத்துக்காரரின் நட்டம் ஒரு மெசினின் விலையைப் போலப் பல மடங்கு, இன்றுவரை இரண்டு வீடும் கதைப்பதில்லை. ஆகவே மலிவான கைமெசின் ஒன்றைத் தனியாக எடுத்து, டாங்கில் சிவப்பு மையால் பட்டை போட்டு, களைநாசினிக்கு அதை மட்டும் கொடுங்கள். மற்ற இரண்டையும் வாடகைக்கு எடுத்தவர், உங்கள் முற்றத்தில் உங்கள் கண்முன்னே மூன்று தரம் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் நொசில் வழியாக வெளியே அடித்துக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். கழுவிய தண்ணீர் கிணற்றடிப் பக்கம் ஓடாத இடமாகப் பாருங்கள்.