நாலு பேர் எழுதிய அறிக்கை ஒரே வாதமாக நிற்க

"நூறு நாள் வேலை பற்றி நாலு பேர் ஆளுக்கொரு பகுதி எழுதினோம். சேர்த்தால் முரண்படுகிறது. யாருடையதை வெட்டுவது?"

இப்போதே எதையும் வெட்டாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பகுதி சொல்லும் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். நான்கையும் வரிசையாகப் படியுங்கள். முரண் பெரும்பாலும் கணக்கிட்ட அலகில்தான் இருக்கும். 2005 சட்டப்படி 100 நாள் என்பது குடும்பத்துக்கு, ஆளுக்கு அல்ல. ஒருவர் குடும்பக் கணக்கிலும் இன்னொருவர் ஆள் கணக்கிலும் எழுதியிருந்தால், 'அந்தப் பெண்ணுக்கு 40 நாள்தான் கிடைத்தது' என்பது திட்டத்தின் தோல்வியாகத் தெரியும். மீதி 60 நாள் கணவர் போயிருக்கலாம். அலகை முடிவு செய்து அட்டவணைகளைத் திருத்துங்கள்.

அப்புறம், இணைப்பதை ஒருவரே செய்யட்டும். அதுவும் ஒரு முழுப் பகுதிக்குச் சமமான உழைப்பு. அவருடைய மற்ற வேலையை மூவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நடையை அவர் மாற்றலாம், முடிவை மாற்றுவதென்றால் எழுதியவரிடம் கேட்டுத்தான்.