துக்கக் கடிதத்தில் ‘சாரி’ மன்னிப்பு அல்ல

“தில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். போன மாதம் அப்பா காலமானார். அவருடைய அலுவலக மேலாளர் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். ஒரு ஏஜென்சியில் கொடுத்துத் தமிழாக்கி வாங்கினேன். படித்துவிட்டு அம்மா, ‘இவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்?’ என்கிறார். அம்மா சொல்லும் பதிலையும் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். நானே செய்யலாமா?” – ஒரு வாசகி

நீங்களே செய்யுங்கள். அம்மா பேசும் விதம் உங்கள் காதில் இருக்கிறது. அதை எந்த ஏஜென்சியும் விலைக்குக் கொடுக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். ‘ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பதை ‘உங்கள் இழப்புக்கு என்னை மன்னிக்கவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘சாரி’ என்ற சொல் மனவேதனையைத்தான் குறித்தது. இன்றும் அது வேதனைக்கும் மன்னிப்புக்கும் பொதுவான சொல். தமிழில் இரண்டும் தனித்தனி. துக்கம் விசாரிக்கப் போகிறவர் என்ன சொல்வார்? ‘செய்தி கேட்டு மனம் கலங்கிப்போனேன்’ என்பார். அதையே எழுதுங்கள்.

அடுத்த வரி, ‘ஹி வில் பி மிஸ்ட் பை ஆல் ஆஃப் அஸ்’. ஏஜென்சி எழுதியது: ‘அவர் எங்கள் அனைவராலும் தவறவிடப்படுவார்.’ பஸ்ஸைத் தவறவிடலாம், மனிதரைத் தவறவிடுவதாகச் சொல்வது தமிழ் இல்லை. ‘அவர் இல்லாதது எங்கள் எல்லோருக்கும் பெரிய குறைதான்’ என்றால் போதும். இங்கே ‘எங்கள்’ சரியாக விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘அஸ்’, ‘நம்’, ‘எங்கள்’ இரண்டுக்கும் பொது. மேலாளர் அலுவலகத்தாரைச் சொல்கிறார், அதனால் ‘எங்கள்’. மூன்றாவது வரியான ‘வி ஆர் ஹியர் ஃபார் யூ’, ‘எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்’ என்று வந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும்.

நான்காவது வரிக்கு மட்டும் நான் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. கருணைத் தொகை பற்றி ‘மே பி கன்சிடர்ட்’ என்று இருக்கிறது. ஏஜென்சி ‘வழங்கப்படும்’ என்று எழுதிவிட்டது. இது பெரிய தவறு. ‘பரிசீலிக்கப்படலாம்’ என்பதுதான் சரி. அழகாக இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கட்டும். ‘கவனித்துக்கொள்வோம்’ என்று இதமாக எழுதினால்கூட அம்மா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார், அந்தப் பணத்தை நம்பி ஒரு செலவுக்கு ஒப்புக்கொள்வார். பணம், தேதி, விண்ணப்பம், கெடு வரும் வரிகளில் ‘லாம்’ என்பதை ‘லாம்’ என்றே வைக்க வேண்டும். மற்ற மூன்று வரிகளில் எடுத்த உரிமையை இதில் எடுக்கவே கூடாது.

இனி அம்மாவின் பதில். நீங்கள் எழுதி அனுப்பியபடி: ‘அவர் போன பிறகு வீடே வெறிச்சென்று கிடக்கிறது. காரியம் முடியும்வரை கூடவே நின்றீர்கள். இந்தக் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்! நீங்களும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும்.’

அம்மா கணவர் பெயரைச் சொல்லாமல் ‘அவர்’ என்கிறார். தமிழில் அதுவே போதும். ஆங்கிலத்தில் கடிதத்தின் முதல் சொல்லே ‘ஹி’ என்று வந்தால் யாரென்று தெரியாது, ‘மை ஹஸ்பெண்ட்’ என்று தொடங்குங்கள். ‘கடன்’ என்பதை ‘டெட்’ என்று போட்டுவிட்டு அடுத்த பிறவியையும் சேர்த்தால், பணம் வாங்கிய கதைபோல ஆகிவிடும். ‘ஐ கேன் நெவர் தேங்க் யூ இனஃப்’ என்று எழுதுங்கள். பிறவி போய்விடுகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். கடைசி வரியில் ‘வேண்டும்’ என்பதைப் பார்த்ததும் ‘மஸ்ட்’ எழுதாதீர்கள். அது கட்டளை, அம்மா தருவது ஆசி. ‘மே யூ அண்ட் யுவர் சில்ட்ரன் ஆல்வேஸ் பி வெல்’ என்று எழுதுங்கள். ஆங்கிலக் கடிதத்தில் ஆசி வழக்கமில்லை என்று யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். தில்லிக்காரருக்குப் பெரியவர்களின் ஆசி புரியும்.

ஏஜென்சி சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கியது போதாதென்று, ‘சான்றளிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி அதற்கும் பணம் வாங்கியிருக்கிறது. வீட்டுக் கடிதத்துக்கு எதற்கு முத்திரை? யாரும் கேட்கப்போவதில்லை. முன்னால் உட்கார்ந்து தாளை வாங்குகிறவர் ஒருவர், எங்கோ இருந்து மொழிபெயர்க்கிறவர் இன்னொருவர்; அவருக்குக் கூலி சொற்கணக்கில். சொற்கணக்கில் கூலி கொடுத்தால் சொல் சொல்லாகத்தான் பெயர்ப்பார்கள். பள்ளியிலும் சொல்லுக்குச் சொல் இருந்தால்தான் மதிப்பெண். இந்த முறை மாறாதவரை இப்படித்தான் வரும். இனி எங்கே கொடுத்தாலும், மொழிபெயர்த்தவரையே அழைத்து உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கும்போது அவர் நாக்கு எங்கே தடுமாறுகிறதோ, அந்த வரி தமிழாகவில்லை. அவரைக் காட்ட மறுத்தால் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மேலாளர் கடிதத்தின் தொடக்கத்தில் ‘டியர் மிஸஸ்’ என்று இருப்பதை ‘வணக்கம் அம்மா’ என்று மாற்றி, இன்று மாலையே உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.