விப்ரோ யாருடையது?

கேள்வி: விப்ரோ பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். புரமோட்டர்களிடம் 70 சதவிகிதத்துக்கு மேல் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. பெரும்பகுதி அறக்கட்டளைக்குப் போய்விட்டது என்கிறார்கள். ஊழியர் டிரஸ்ட் என்று வேறு ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் கம்பெனி யாருடையது?

பதில்: பங்கு ஒன்றில் இரண்டு உரிமைகள் உண்டு: பணம் பெறும் உரிமை, ஓட்டுப் போடும் உரிமை. விப்ரோவில் இவை இரண்டும் ஒரே கையில் இல்லை.

2019 மார்ச்சில் அசிம் பிரேம்ஜி மேலும் 34% பங்குகளின் பொருளாதாரப் பலனை அறப்பணிக்கு எழுதிவைத்தார். முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் 67%. ஆனால் அந்தப் பங்குகள் எல்லாம் அறக்கட்டளையின் பெயருக்கு மாறிவிடவில்லை. பெரும்பகுதி இன்னமும் ஹாஷம் டிரேடர்ஸ், பிரசிம் டிரேடர்ஸ், ஜாஷ் டிரேடர்ஸ் ஆகிய கூட்டு நிறுவனங்களின் பெயரில், புரமோட்டர் தலைப்பின் கீழேயே இருக்கிறது. அதனால்தான் உங்கள் பட்டியலில் 67 என்ற எண்ணே இல்லை. டிவிடெண்டும், கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்கும் பைபேக்கில் வரும் பணமும் பெருமளவு அறப்பணிக்குச் செல்கின்றன. கம்பெனியை நடத்தும் அதிகாரம் பிரேம்ஜி தரப்பிடமே இருக்கிறது. ஆண்டுதோறும் செலவு செய்தாக வேண்டிய அறக்கட்டளைக்குக் கையில் ரொக்கம் வேண்டும். 2023-ல் ஒரு பங்கு 445 ரூபாய் வீதம் 12,000 கோடிக்கு விப்ரோ செய்த பைபேக்கை நான் இந்தக் கோணத்திலும் பார்க்கிறேன்.

ஊழியர் டிரஸ்ட் கதை வேறு. ஊழியர்களுக்குப் பின்னாளில் கொடுப்பதற்காக அது பங்குகளை வைத்திருக்கிறது. செபி விதிப்படி அதன் டிரஸ்டிகள் அந்தப் பங்குகளுக்கு ஓட்டுப் போடக் கூடாது. ஆகவே அது புரமோட்டர் கணக்கிலும் வராது, பொதுமக்கள் கணக்கிலும் வராது. பங்குதாரர் பட்டியலின் 'சி' பிரிவில் தனி வரியாக நிற்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 100 பங்குகள். புரமோட்டரிடம் 72, ஊழியர் டிரஸ்டிடம் 3, பொதுமக்கள் 25 பேரிடம் ஆளுக்கு ஒன்றாக 25. சிறப்புத் தீர்மானம் நிறைவேற, பதிவான ஓட்டில் 75% ஆதரவு வேண்டும். மூன்று பங்குகளுக்கு ஓட்டு இல்லாததால் கணக்கு 97-க்குத்தான். பொதுமக்கள் 25 பேரும் எதிர்த்தால் புரமோட்டருக்கு 74.2% மட்டுமே, தீர்மானம் தோற்கும். அவர்களில் ஒரே ஒரு பங்குக்காரர் ஓட்டுப் போட மறந்தால் 96-ல் 72, சரியாக 75%. தீர்மானம் நிறைவேறிவிடும்! சிறு முதலீட்டாளர்களில் பலர் மின்னஞ்சலில் வரும் இ-வோட்டிங் அழைப்பைத் திறப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஊழியர் தன் பங்கை டிரஸ்டிடமிருந்து வாங்கிக்கொண்டதும் அது பொதுமக்கள் பிரிவுக்கு மாறி, ஓட்டுரிமையும் திரும்பிவிடும். புதிய பங்கு வெளியிடப்படாததால் மொத்த எண்ணிக்கை கூடாது. ஆனால் ஒருங்கிணைந்த கணக்கில் டிரஸ்ட் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டே ஒரு பங்கு ஈட்டத்தைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், வெளியே வந்த பங்குகள் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைக்கும்.

பங்குச் சந்தைத் தளத்தில் காலாண்டுப் பங்குதாரர் பட்டியலைத் திறந்து, 'சி' பிரிவில் ஊழியர் டிரஸ்ட் வரி போன காலாண்டைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். புரமோட்டர் சதவிகிதத்தை ஓட்டுக் கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் யாருக்குப் போகிறது என்பதற்கு ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டும்.